ஸ்லாபுக்கும் சுவருக்கும் க்யூரிங் தண்ணீர்: எவ்வளவு வேண்டும், கணக்கு எங்கே ஊதிப்போகிறது

ஆயிரம் சதுர அடி ஸ்லாபை 14 நாள் ஈரமாக வைத்து க்யூரிங் செய்ய எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கட்டுமான இடத்தில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இப்படித்தான் இருக்கும்: இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும், அது சுமார் 4,700 லிட்டர், 14 நாளால் பெருக்கினால் கிட்டத்தட்ட 66,000 லிட்டர். இதை நம்பித் தண்ணீர் வண்டிக்குச் சொல்லிவிட்டால் பாதிக்கு மேல் தண்ணீர் தெருவில் ஓடும், அல்லது வைக்க இடமில்லாமல் வண்டி வெளியே காத்திருக்கும்.

பிழை பெருக்கலில் இல்லை. தேக்கிய தண்ணீர் ஒவ்வொரு நாளும் முழுவதுமாகக் காணாமல் போவதாக அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது, அங்கேதான் தவறு. ஸ்லாபின் மேல் வரப்பு வைத்துக் கட்டிய பாத்தியை ஒரே ஒரு முறைதான் நிரப்புகிறீர்கள். அதன்பிறகு ஊற்றுவதெல்லாம் வெயிலும் காற்றும் கொண்டுபோனதையும், எங்காவது கசிந்ததையும் ஈடுகட்டத்தான். இந்த இரண்டையும் தனித்தனியாக எடுத்துக் கணக்கிட்டால் அதே ஸ்லாபுக்கு 10,000 லிட்டரை ஒட்டித்தான் வரும். எப்படி என்று கீழே படிப்படியாகப் பார்க்கலாம்.

1. கணக்குக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கே நான்கு தாள்கள் போதும். முதலாவது, அளவு எழுதிய ஸ்லாப் வரைபடம். பரப்பை அதிலிருந்து எடுங்கள், வாய்மொழியாகச் சொன்ன "ஆயிரம் அடி வீடு" என்பதிலிருந்து எடுக்காதீர்கள். சன்ஷேடும் பால்கனியும் அதில் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். இரண்டாவது, பயன்படுத்திய சிமெண்ட் மூட்டையின் அச்சிட்ட பக்கம். எந்த வகை சிமெண்ட் என்பது அதில்தான் இருக்கும், க்யூரிங் நாள்களை முடிவு செய்வதும் அதுதான். ஒரு காலி மூட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மூன்றாவது, வார்த்த தேதியும் நேரமும் எழுதிய நோட்டு. சுவர் வேலைக்கு இந்த நோட்டு இன்னும் அவசியம், காரணம் ஏழாம் படியில் வரும். நான்காவது, தண்ணீர் வண்டிச் சீட்டுகள் அல்லது மீட்டர் அளவுகள், தேதி வாரியாக. மூன்றாம் நாளே உங்கள் மதிப்பீடு சரியா என்று இவை காட்டிவிடும்.

அளவுகளில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் சரியாக ஒரு லிட்டர். சதுர அடியை 10.76-ஆல் வகுத்தால் சதுர மீட்டர். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக அந்த ஸ்லாபின் மேல் ஒவ்வொரு மில்லிமீட்டர் தண்ணீரும் 93 லிட்டர்.

2. எத்தனை நாள்

சாதாரண போர்ட்லாந்து சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் காலத்தில் 10 நாள். உலைச் சாம்பலோ இரும்புக் கசடோ கலந்த சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும், அதற்கு 10 முதல் 14 நாள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது நாள் கணக்கில்தான். அங்கே கைவைக்காதீர்கள். சேமிப்பு முழுவதும் ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதில்தான் இருக்கிறது.

"கான்கிரீட் தண்ணீரை நிறையக் குடிக்கும்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். உண்மையில் சிமெண்ட் வினைபுரியத் தேவையான தண்ணீரில் பெரும்பகுதி கலவை போடும்போதே உள்ளே போய்விட்டது. நாம் மேலே கட்டும் தண்ணீரின் வேலை, அந்த உள் ஈரம் வெளியேறிவிடாமல் காவல் இருப்பது. ஐந்து அங்குலக் கனத்தில் ஆயிரம் சதுர அடி ஸ்லாப் என்றால் கான்கிரீட் சுமார் 12 கன மீட்டர், அதில் சிமெண்ட் நான்கு டன் அளவில் இருக்கும். அவ்வளவு சிமெண்ட்டும் முழுதாக வினை முடித்தாலும் வெளியிலிருந்து கூடுதலாக இழுக்கக்கூடியது மொத்தமே 250 லிட்டரை ஒட்டித்தான். ஒரு நாள் ஆவியாவதில் பாதிகூட இல்லை. ஆகவே "குடிப்பதற்கு" என்று தினமும் ஒரு பங்கு ஒதுக்காதீர்கள். முழுக் காலத்துக்கும் 200 லிட்டர் ஒரு முறை சேர்த்தால் போதும்.

3. முதல் நாள்: பாத்தி இல்லை, மூடல்தான்

வார்த்து முடித்துத் தேய்த்த மேற்பரப்பில் ஈரப் பளபளப்பு மறையத் தொடங்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. காற்று வீசும் வெயில் நாளில் அடுத்த சில மணி நேரத்துக்குள் மயிரிழை வெடிப்புகள் விழும். அப்போது தண்ணீரைப் பீய்ச்சினால் மேல் சிமெண்ட் பால் கழுவிப் போய்விடும். மேற்பரப்பைத் தொடாதபடி பிளாஸ்டிக் தாள் போர்த்துங்கள், ஓரங்களில் கட்டை வைத்துக் காற்று புகாமல் அழுத்துங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழாத நிலை வந்தபின் நனைத்த சாக்கைப் பரப்பலாம்.

இந்த முதல் நாளுக்கு 300 லிட்டர் தாராளமாகப் போதும். சாக்கை நனைக்கவும், இரண்டு மூன்று முறை மென்மையாகத் தெளிக்கவும்தான் அது. முழு நிரப்புத் தண்ணீரும் வார்க்கும் நாளன்றே வந்து நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்வது பொதுவான தவறு. அன்று இடமும் ஆளும் கலவைக்கே போதாது. பாத்தி கட்டித் தண்ணீர் விடுவது மறுநாள்தான்.

4. பாத்தி கட்டுதலும் முதல் நிரப்பும்

இங்கேதான் கணக்கின் பெரிய பகுதி முடிவாகிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நாம் எடுத்த ஸ்லாப் 40 அடிக்கு 25 அடி என்று வைத்துக்கொள்வோம். மழைநீர் வழிய 25 அடி பக்கமாக நூற்றுக்கு ஒன்று சாய்வு கொடுத்து வார்த்திருக்கிறார்கள். கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும். ஆனால் 25 அடியில் மூன்று அங்குல இறக்கம் இருக்கிறது. சுற்றிலும் மட்டும் வரப்பு வைத்து ஒரே குளமாகத் தேக்கினால், மேட்டு ஓரம் நனைய 15 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்றால் பள்ளத்து ஓரத்தில் 90 மில்லிமீட்டர் நிற்கும். சராசரி 50-ஐத் தாண்டுகிறது, நிரப்பவே 4,900 லிட்டர் போகும். பள்ளத்து வரப்பு நான்கு அங்குலம் இருக்க வேண்டும், அந்த அழுத்தத்தில் அது பெரும்பாலும் முதல் இரவே பிய்த்துக்கொள்ளும்.

சாய்வுக்குக் குறுக்காக ஐந்தடிக்கு ஒரு வரப்பு போடுங்கள். நீளவாக்கில் பத்தடிக்கு ஒன்று போதும். மொத்தம் இருபது பாத்தி. இப்போது ஒரு பாத்திக்குள் இறக்கம் வெறும் 15 மில்லிமீட்டர்தான். மேட்டுப் பக்கம் 17, பள்ளத்துப் பக்கம் 33, சராசரி 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம். நிரப்ப 93 × 25, சுமார் 2,325 லிட்டர். வரப்பு இரண்டு அங்குல உயரம் இருந்தால் போதும். சிமெண்ட் குறைவான மணல் கலவை அல்லது நன்றாகப் பிசைந்த களிமண், இரண்டும் சரிதான். கலவை வரப்பென்றால் தண்ணீர் விடும் முன் சில மணி நேரம் ஆறவிடுங்கள், இல்லையென்றால் அடியில் ஊறிக் கரைந்துவிடும்.

ஆழம் கூடினால் கான்கிரீட்டுக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது. அரை அங்குலத் தண்ணீருக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டும் மூன்று அங்குலத்துக்குக் கீழே இருப்பதும் ஒரே ஈரத்தில்தான் இருக்கின்றன. ஆவியாவதும் மேற்பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்தது இல்லை. ஆழம் தருவது ஒன்றே ஒன்று: நீங்கள் வந்து பார்க்காத நாள்களுக்கான இருப்பு. தினமும் ஒருவர் மேலே ஏறிப் பார்ப்பார் என்றால் ஒரு அங்குலச் சராசரிக்கு மேல் தேவையே இல்லை. அதிக ஆழம் வரப்பையும் குழாய் ஓட்டைகளையும் அழுத்திக் கசிவைத்தான் கூட்டும்.

5. தினமும் எவ்வளவு போகிறது: ஆவியையும் கசிவையும் பிரித்தறிவது

திறந்த தண்ணீர்ப் பரப்பிலிருந்து குளிர்ந்த மேகமூட்ட நாளில் ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் போகும். சாதாரண வெயிலில் 4 அல்லது 5. கடும் வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் 7, 8 வரை போகும். நம் ஸ்லாபுக்கு 6 என்று எடுத்துக்கொள்வோம்: 93 × 6, ஒரு நாளைக்கு 558 லிட்டர். பாத்தியில் நிற்பதில் கால் பங்குதான். தினமும் முழுப் பாத்தியையும் பெருக்கும் கணக்கு எவ்வளவு தூரம் தள்ளிப்போகிறது என்பது இந்த இடத்தில் தெரியும்.

ஆனால் பாத்தி ஒரு நாளில் 15 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால்? வெயில் அதிகம் என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். அது கசிவு. உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை உண்டு. நேரான பக்கங்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டியைப் பாத்திக்குள்ளேயே ஒரு செங்கல் பாரத்தோடு உட்கார வையுங்கள். தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றி உள் மட்டத்தைப் பென்சிலால் கோடிடுங்கள். வெளியே பாத்தித் தண்ணீரின் மட்டத்தையும் தொட்டியின் வெளிப்புறத்தில் கோடிடுங்கள். 24 மணி நேரம் எதையும் ஊற்றாமல் விடுங்கள். தொட்டிக்குள் 6 மில்லிமீட்டரும் வெளியே 15 மில்லிமீட்டரும் இறங்கியிருந்தால், 6 வெயில் கொண்டுபோனது, 9 கசிவு. தொட்டியைப் பாத்திக்கு வெளியே வெறும் ஸ்லாபில் வைத்தால் சூடேறி ஆவியை அதிகமாகக் காட்டும், அதனால்தான் தண்ணீருக்குள்ளேயே வைக்கச் சொல்வது.

ஒரு நாள் காத்திருக்க முடியாதென்றால் மாலையில் கோடு போட்டு விடியற்காலையில் பாருங்கள். இரவில் ஆவியாவது மிகக் குறைவு. ஒரே இரவில் அரை அங்குலம் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

கசிவைக் கண்டுபிடிக்கக் கீழே இறங்கி, ஸ்லாபைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகையின் அடியைப் பாருங்கள். மின்குழாய் இறங்கும் இடம், மின்விசிறிப் பெட்டி, வார்ப்பை நிறுத்தித் தொடங்கிய ஒட்டு, இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் பெரும்பாலும் சொட்டும். குழாய் வாய்களைத் துணியால் அடைத்து, சுற்றிலும் களிமண் வளையம் வைத்தால் நின்றுவிடும். குழாயே இல்லாத இடத்தில் பரவலாக ஈரம் தெரிந்தால் அது கான்கிரீட் சரியாக நிரம்பாமல் உள்ளே தேன்கூடு போல ஓட்டைகள் விழுந்த அடையாளம். அந்தப் பாத்தியை மட்டும் வடித்துவிட்டு ஈரச் சாக்குக்கு மாற்றுங்கள், பொறியாளரிடம் இடத்தைக் காட்டுங்கள். அதிகத் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டும் விஷயம் இல்லை அது.

6. ஸ்லாபின் முழுக் கணக்கு

கலப்பு சிமெண்ட், 14 நாள், வெயில் காலம். முதல் நாள் சாக்குக்கும் தெளிப்புக்கும் 300 லிட்டர். இரண்டாம் நாள் நிரப்பு 2,325, கான்கிரீட் இழுப்பதற்கு 200. இரண்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை 13 நாள் ஆவியாகும். ஆனால் கடைசி இரண்டு நாளும் ஊற்ற வேண்டாம். 12 மில்லிமீட்டர் இறங்கினாலும் மேட்டுப் பக்கத்தில் 17 இருக்கிறது, காயாது. ஆக 11 நாள் ஈடு: 11 × 558, சுமார் 6,140. கூட்டினால் 8,965 லிட்டர். குழாய் வழியில் சிந்துவது, சிறு கசிவு, வெயில் கூடும் நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 சதவீதம் வையுங்கள். மொத்தம் 10,300 லிட்டர்.

இந்த 15 சதவீதத்தை ஒரே இடத்தில், கடைசியில் மட்டும் சேர்க்க வேண்டும். பரப்பில் கொஞ்சம் கூட்டி, ஆழத்தில் கொஞ்சம் கூட்டி, நாள்களில் கொஞ்சம் கூட்டி, கடைசியில் "எதற்கும் இருக்கட்டும்" என்று மறுபடியும் கூட்டினால் ஒவ்வொன்றும் மற்றொன்றைப் பெருக்கும். நான்கு இடத்தில் 20 சதவீதம் என்றால் முடிவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். எந்த இடத்திலும் யாரும் பெரிதாக ஏமாற்றியிருக்க மாட்டார்கள், ஆனாலும் தேவையில்லாத வண்டிகள் வந்து நிற்கும்.

மழை பெய்தால் அன்றைய ஈடு வேண்டாம். 6 மில்லிமீட்டர் மழை ஒரு நாளைக்குச் சமம். நோட்டில் எழுதி, அடுத்த வண்டியைத் தள்ளிப்போடுங்கள்.

7. சுவர்: பரப்பை எத்தனை நாளால் பெருக்குவது

சுவரில் தண்ணீர் நிற்காது என்பதால் கணக்கே வேறு. இங்கே இரண்டு இடத்தில் ஊதும்.

முதலாவது, நாள் கணக்கு. கொத்தனார் ஒரு நாளைக்கு 120 சதுர அடி செங்கல் சுவர் எழுப்புகிறார், கதவு ஜன்னல் கழித்து 1,200 சதுர அடியைப் பத்து நாளில் முடிக்கிறார் என்று வைப்போம். ஒவ்வொரு பகுதியும் கட்டிய மறுநாளிலிருந்து 7 நாள் நனைய வேண்டும். முதல் பகுதி நனையத் தொடங்குவதிலிருந்து கடைசிப் பகுதி முடியும்வரை காலண்டரில் 16 நாள். இந்த 16 நாளும் 1,200 அடியும் நனைவதாகப் பெருக்கினால் தப்பு. ஒவ்வொரு அடியும் 7 நாள்தான் நனைகிறது. 1,200 × 7, அதாவது 8,400 சதுர அடி நாள், சதுர மீட்டரில் 780. அதிகச் சுமை உள்ள நாளில்கூட ஒரே நேரத்தில் நனைய வேண்டியது ஏழு நாள் வேலை மட்டும்தான்: 840 சதுர அடி, 78 சதுர மீட்டர். எந்தப் பகுதி எந்தத் தேதியில் கட்டியது என்று சுவரிலேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள். எட்டாம் நாளும் அதே பகுதியை நனைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் நிற்கும்.

நுண்துளித் தெளிப்பானால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை நனைத்தால் ஒரு முகத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 லிட்டர் போதும். இரண்டு முகத்துக்கும் 5. மொத்தம் 780 × 5, சுமார் 3,900 லிட்டர். அதிகச் சுமை நாளில் 390 லிட்டர். காலண்டர் நாளால் பெருக்கியிருந்தால் 8,900-ஐத் தாண்டியிருக்கும்.

இரண்டாவது, ஹோஸ் குழாய். முனையில் எதுவும் மாட்டாத குழாய் நிமிடத்துக்கு 15 லிட்டர் வரை விடும். உங்கள் குழாய் எவ்வளவு விடுகிறது என்று ஒரு வாளியை வைத்து, நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் வீதம் மூன்று முறை பிடித்தால் 1,350 லிட்டர். 390 போதுமான இடத்தில் மீதி ஆயிரம் லிட்டர் சுவரடியில் சேறாகிறது. சுவர் நனைந்ததா என்பதை முகத்தின் நிறம் சொல்லும். செங்கல் கருஞ்சிவப்பாகி, அடியில் மெல்லிய நீர்க்கோடு வழியத் தொடங்கியதும் அடுத்த பகுதிக்கு நகருங்கள். வழிந்து ஓடும் தண்ணீர் சுவருக்குள் போவதில்லை. வெயில் படும் முகத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் தெளிக்கும் தடவை பாதியாகக் குறையும்.

கட்டிய மறுநாள் வேகமாகப் பீய்ச்சக் கூடாது, இணைப்புக் கலவை அரித்துப்போகும். செங்கல்லைக் கட்டுவதற்கு முன் ஊறவைக்கும் தண்ணீரைக் க்யூரிங்கில் சேர்க்காதீர்கள், அது கட்டுவேலைச் செலவில் ஏற்கெனவே இருக்கும், இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். பின்னால் வரும் பூச்சுவேலைக்கான க்யூரிங்கும் தனிக் கணக்கு. கான்கிரீட் பிளாக் சுவர் என்றால் இணைப்புகள் மட்டும் ஈரமாக இருந்தால் போதும். பிளாக்கைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பிறகு காயும்போது சுருங்கி இணைப்பில் வெடிப்பு விழும். செங்கல் சுவரிலும் அளவு மீறினால் காய்ந்தபின் வெள்ளை உப்பு பூக்கும்.

8. எப்போது, எவ்வளவு வரவழைப்பது

ஸ்லாபுக்கு ஒரே நாளில் அதிகமாகத் தேவைப்படுவது இரண்டாம் நாள், சுமார் 2,500 லிட்டர். அதன்பிறகு நாளைக்கு 650-க்குள். ஆகவே முதல் வண்டி வார்த்த மறுநாள் வரப்பு ஆறியபின் வரட்டும். அதில் நிரப்பியது போக மிஞ்சுவதை வைக்கத் தொட்டி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். தொட்டி இல்லாமல் பெரிய வண்டி வந்தால் மீதியையும் பாத்தியிலேயே விடச் சொல்வார்கள், இரண்டு அங்குல வரப்பு அங்கேதான் உடையும்.

வண்டிக் கொள்ளளவைச் சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஏற்காதீர்கள். உங்கள் தொட்டியின் நீளம், அகலம், ஏறிய மட்டம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் இறங்கிய லிட்டர் தெரியும். அதைச் சீட்டின் பின்புறம் எழுதிவையுங்கள். பாதி வண்டிக்கும் முழு வாடகைதான் என்பதால், தேவையை நாளுக்கு நாள் மேல்நோக்கி முழுமையாக்காமல் மொத்தத்தை மட்டும் ஒரு முறை முழுமையாக்குங்கள்.

இரண்டாவது வண்டிக்கு முதல் நாளே சொல்ல வேண்டாம். பாத்தி நிரம்பிய பிறகு இரண்டு நாள் தொட்டிச் சோதனை செய்து, உங்கள் இடத்தில் உண்மையில் எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்று தெரிந்தபின் மீதி நாளுக்கான அளவைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். கடைசி நாளில் பாத்தியில் மிஞ்சும் தண்ணீரை வழியவிடாமல் வாளியில் அள்ளுங்கள். நம் ஸ்லாபில் அது ஆயிரம் லிட்டரை ஒட்டி இருக்கும். மேலே கைப்பிடிச் சுவர் கட்டத் தொடங்கியிருந்தால் அதன் க்யூரிங்குக்குப் பல நாள் வரும்.